நாலாவது கிளைம்: சப்-கானின் ரிடென்ஷன் பணம் கணக்கில் எங்கே தொலைகிறது?

பினாங்கின் பிறையில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு மாதக் கடைசியில் செங்கல் சப்-கான், நாளிதழ்கள் எழுதுவதுபோல் சொன்னால் துணைக் குத்தகையாளர், ஒருவர் வருவார். புக்கிட் மெர்தாஜாம்காரர். செய்த வேலைக்குப் பணம் கேட்கும் கிளைம் ஃபைலை மேசையில் வைப்பார், தண்ணீர் கேட்டுக் குடிப்பார், பிறகு எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்பார்: "தங்கச்சி, என் டென் பெர்சன்ட் உங்க கணக்குல இருக்கா, இல்ல நான் மட்டும்தான் எழுதி வச்சிருக்கேனா?"

"இருக்குண்ணே" என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அங்கே சப்-கானுக்குக் காசோலை போன தொகையை மட்டும் செலவாக எழுதுவார்கள். பின்னால் குறை வந்தால் என்று ஒவ்வொரு கிளைமிலும் பிடித்து வைக்கும் ரிடென்ஷன் பணம், வேலையை அளந்து மதிப்பிடும் கியூ.எஸ்.ஸின் எக்செல் தாளில் மட்டும் இருக்கும், கணக்குப் புத்தகத்தில் இருக்காது. கியூ.எஸ். வேலையை விட்டுப் போனார், மடிக்கணினியைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள், அதோடு பத்துப் பன்னிரண்டு பேருடைய பணமும் கண்ணில் இருந்து மறைந்தது. யாரும் திருடவில்லை. பதிவு செய்யும் முறைதான் அப்படி. அந்த முறை எங்கே தவறுகிறது என்பதைக் காட்ட ஒரே ஒரு சப்-கானின் ஒரே ஒரு கிளைமை எடுத்துக்கொள்கிறேன். நாலாவது கிளைம். ஏன் நாலாவது என்பது போகப் போகத் தெரியும்.

வேலை சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு வரிசை வீடுகள். தொகைகளைக் கணக்குக்கு வசதியாக நான் முழுத் தொகைகளாக்கியிருக்கிறேன், போக்கு மாறவில்லை. சப்-கானுக்குக் கொடுத்த பி.கியூ.வில், அதாவது அளவுப் பட்டியலில், மூன்று வரிகள்தான். அரைச்செங்கல் சுவர் 4,000 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 63 ரிங்கிட். உள்பூச்சு 6,500 சதுர மீட்டர், 24 ரிங்கிட். வெளிப்பூச்சு 2,400 சதுர மீட்டர், 30 ரிங்கிட். பெருக்கிக் கூட்டினால் 252,000, 156,000, 72,000, மொத்தம் 480,000 ரிங்கிட். குடியிருப்பு வீடுகள் என்பதால், 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு வந்த 6 விழுக்காடு சேவை வரி இந்தக் கணக்குக்குள் வராது.

வேலையை அவருக்குக் கொடுக்கும் கடிதமான லெட்டர் ஆஃப் அவார்டில் ரிடென்ஷன் பற்றி ஒரு வரி: சான்றளித்த வேலையில் 10 விழுக்காடு பிடிக்கப்படும், சப்-கான்ட்ராக்ட் தொகையில் 5 விழுக்காடு சேரும் வரை. தனியார் வேலைகளில் நாம் அதிகம் பார்க்கும் மலேசிய ஆர்க்கிடெக்ட் சங்கமான பாமின் ஒப்பந்தப் பாரத்தில் வழக்கமாக இருக்கும் விகிதமும் இதுதான். டெவலப்பரிடம் முழு வேலையையும் எடுக்கும் எங்களைப் போன்ற மெயின்-கான்கள் அதையே கீழே சப்-கானுக்கும் இறக்கிவிடுவார்கள். இந்த வரியில் இரண்டு விழுக்காடுகள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு தொகையின் மேல் நிற்கின்றன. பத்து என்பது செய்த வேலையின் மேல். ஐந்து என்பது மொத்த ஒப்பந்தத்தின் மேல். நம் கணக்கில் உச்சவரம்பு 24,000 ரிங்கிட். செய்த வேலை 240,000 ரிங்கிட்டைத் தொட்டதும் பிடித்தம் நின்றுவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு பொறியியலாளர் இதையெல்லாம் 'ரன்னிங் பில்' என்பார். இங்கே 'புரோகிரஸ் கிளைம்' என்றால்தான் புரியும். ஆனால் அவர் சொல்லும் 'ரன்னிங்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இந்த பில் ஒரு மாத வேலைக்கான பில் அல்ல. வேலை தொடங்கிய நாளில் இருந்து இன்று வரை செய்த எல்லாவற்றுக்குமான பில். அதில் இருந்து ஏற்கனவே சான்றளித்ததைக் கழித்தால் இந்த மாதத் தொகை மிஞ்சும். இந்த மாதம் எவ்வளவு என்று யாரும் தனியாக அளப்பதில்லை, கழித்துத்தான் எடுக்கிறோம்.

அதனால் ஒரு நன்மை உண்டு. மூன்றாவது மாதம் மழையில் அவசரமாக அளந்து வெளிப்பூச்சைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். நாலாவது மாதம் சரியான அளவைப் போட்டால் போதும், பழைய தவறு தானாகச் சரியாகிவிடும். கிரெடிட் நோட்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மாதத்தைத் தனியாகப் பார்க்கும் கணக்காளருக்கு மட்டும் இது தலைவலி.

சரி, நாலாவது கிளைம். முதல் மூன்று கிளைம்களில் சான்றளித்த வேலை 198,000 ரிங்கிட். ரிடென்ஷன் 19,800. அவருக்குக் கிடைக்க வேண்டியது என்று சான்றளித்தது 178,200. இப்போது அவர் கொடுக்கும் தாளில் சுவர் 3,400 சதுர மீட்டர், உள்பூச்சு 2,500, வெளிப்பூச்சு 400. மொத்தம் 286,200 ரிங்கிட்.

கியூ.எஸ். சைட்டுக்குப் போய் டேப் போட்டார். பூச்சு இரண்டும் சரி. சுவர் மட்டும் 3,200தான் வந்தது. 200 சதுர மீட்டர் எங்கே போனது? கதவிலும் ஜன்னலிலும் போனது. சப்-கான் சுவரின் நீளத்தை உயரத்தால் பெருக்கிவிட்டார், திறப்புகளைக் கழிக்கவில்லை. பி.கியூ.வில் உள்ள 4,000 திறப்பு கழித்த அளவு. அளக்கும் விதி ஒன்று, கிளைம் போடும் விதி இன்னொன்று என்றால் ஒவ்வொரு மாதமும் இதே இடத்தில் முட்டிக்கொள்ளும். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஜன்னல் ஓரத்தை நேராக முடிப்பதற்கு வெறும் சுவர் எழுப்புவதை விட நேரம் அதிகம் பிடிக்கும் என்று அவர் வாதாடினார். உண்மைதான். ஆனால் அந்த உழைப்பை 63 ரிங்கிட்டுக்குள் முன்பே சேர்த்திருக்க வேண்டும், அளவில் சேர்க்க முடியாது.

ஆக, கியூ.எஸ். கையெழுத்திட்ட தாள் இப்படி வந்தது:

இதுவரை செய்த வேலை: 273,600
கழி, ரிடென்ஷன்: 24,000
மீதி: 249,600
கழி, முன்பு சான்றளித்தது: 178,200
இந்தச் சான்றிதழில் தர வேண்டியது: 71,400

ரிடென்ஷன் வரியைப் பாருங்கள். 273,600க்குப் பத்து விழுக்காடு 27,360. ஆனால் வரம்பு 24,000. வேலை இந்த மாதம்தான் 240,000 என்ற கோட்டைத் தாண்டியது. அதனால் இந்த மாதம் செய்த 75,600 ரிங்கிட் வேலைக்குப் பிடிக்க வேண்டியது 7,560 அல்ல, முன்பு பிடித்த 19,800 போக மிச்சம் உள்ள 4,200 மட்டுமே. நாலாவது கிளைமை நான் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். மாதத்துக்கு மாதம் பத்து விழுக்காடு என்று கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் கணக்காளர் இந்தக் கோட்டில்தான் தடுமாறுவார். இங்கே 3,360 கூடுதலாகப் பிடிப்பார். அடுத்த மாதம் 86,400க்கு வேலை நடந்து, அதற்கும் 8,640 பிடிப்பார். யாரும் கேட்காவிட்டால் வேலை முடியும்போது கையில் 48,000 இருக்கும், இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. சப்-கான் கேட்பார் என்று நம்பாதீர்கள். பல பேருக்கு "டென் பெர்சன்ட்" என்ற சொல் மட்டும்தான் தெரியும், வரம்பு இருப்பது தெரியாது.

எக்செல்லில் இதற்கு ஒரே ஒரு வரி போதும். `B2`வில் சப்-கான்ட்ராக்ட் தொகை, `B5`இல் இதுவரை செய்த வேலை என்றால்:

```
=MIN(B5*10%, B2*5%)
```

இதில் `B2`வை வேரியேஷன் ஆர்டர் வரும்போதெல்லாம் ஏற்றலாமா என்று கேட்பார்கள். லெட்டர் ஆஃப் அவார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஏற்றக்கூடாது. தொடக்க ஒப்பந்தத் தொகையின் மேல் ஐந்து விழுக்காடு என்று இருந்தால், கூடுதல் வேலை எவ்வளவு வந்தாலும் வரம்பு நகராது.

இப்போது கணக்குப் பதிவுக்கு வருவோம். என் பழைய கம்பெனியில் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, சப்-கான் செலவு 71,400, பேங்க் 71,400 என்று எழுதியிருப்பார்கள். சரியான பதிவில் செலவு 75,600 டெபிட் ஆகும். கிரெடிட் பக்கம் இரண்டாகப் பிரியும்: சப்-கானுக்கு இப்போது தர வேண்டியது 71,400, ரிடென்ஷனாகப் பிறகு தர வேண்டியது 4,200. சுவர் எழும்பிவிட்டது. அதில் பத்தில் ஒரு பங்கு இன்னும் எழும்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணம் கொடுப்பதைத்தான் தள்ளிப்போட்டிருக்கிறோம், செலவைத் தள்ளிப்போடவில்லை.

இந்த வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஒரு பிராஜெக்ட்டில் இப்படிப் பத்து சப்-கான் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வரம்பு 24,000 என்று வையுங்கள். ஆண்டு முடிவில் 240,000 ரிங்கிட் செலவு புத்தகத்தில் இல்லை. லாபம் எந்தப் பக்கம் சாயும் என்பது வருமானத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆர்க்கிடெக்ட்டின் சான்றிதழ்படி வருமானத்தை முழுதாக எழுதும் கம்பெனியில் லாபம் அப்படியே 240,000 அதிகமாகத் தெரியும். இல்லாத லாபத்துக்கு வரி கட்டி, போனஸும் கொடுத்துவிடுவார்கள்.

ஆன செலவை வைத்து வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று கணக்கிடும் கம்பெனியில் நேர் எதிராக நடக்கும். மெயின் ஒப்பந்தம் 9.6 மில்லியன், மொத்தச் செலவு மதிப்பீடு 8 மில்லியன் என்றால், விடுபட்ட 240,000 மூன்று விழுக்காடு. வேலை மூன்று விழுக்காடு குறைவாக முடிந்ததாகத் தெரியும், வருமானம் 288,000 குறையும், லாபம் 48,000 குறையும். ஒரே தவறு, ஒரு கம்பெனியில் லாபத்தை ஏற்றுகிறது, பக்கத்துக் கம்பெனியில் இறக்குகிறது. இன்னொரு வகையும் பார்த்திருக்கிறேன். டெவலப்பர் பிடித்துவைத்த ரிடென்ஷனையும் வருமானத்தில் எழுதாமல், சப்-கானிடம் பிடித்ததையும் செலவில் எழுதாமல் விடுவார்கள். இரண்டு ஓட்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் லாபம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஆடிட்டர் வரும் வரை நிம்மதி.

இந்த இரண்டு ரிடென்ஷனையும் ஒரே கணக்கில் போட்டுக் கழித்து வைப்பதும் கூடாது. டெவலப்பர் நமக்குத் தர வேண்டியது ஒரு சொத்து, நாம் சப்-கானுக்குத் தர வேண்டியது ஒரு கடன். ஆள் வேறு, தேதி வேறு. டெவலப்பர் கையை விரித்தால்கூட நம் கடன் அப்படியே நிற்கும். கட்டுமானத் தொழில் பணம் செலுத்துதல், தீர்ப்பளிப்புச் சட்டம் என்று ஒன்று 2012இல் வந்தது, சிபா என்பார்கள். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 35ஆம் பிரிவின்படி, "எனக்கு மேலே இருந்து வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. மாதக் கிளைமுக்கு இதைச் சொல்லிச் சப்-கானைத் திருப்பி அனுப்பும் மேலாளர்களை இன்னும் பார்க்கிறேன்.

நாலாவது கிளைமில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த மாதம் சப்-கானிடம் சிமெண்ட் தீர்ந்துபோய், நம் ஸ்டோரில் இருந்து 300 மூட்டை எடுத்தார். மூட்டை 21 ரிங்கிட், மொத்தம் 6,300. இப்படி நாம் கொடுத்ததை அவர் பணத்தில் கழிப்பதுதான் கோண்ட்ரா சார்ஜ். இதை எங்கே கழிப்பது? வேலை மதிப்பான 273,600இல் கழித்தால், சிமெண்ட் எடுத்த காரணத்துக்காகச் சுவரே குறைந்துபோனது போல ஆகிவிடும். வரம்பைத் தொடாத மாதங்களில் ரிடென்ஷனும் தப்பாக வரும். ஆகவே கடைசியில், 71,400க்குக் கீழே கழிக்க வேண்டும். கைக்குப் போவது 65,100. பதிவில் சப்-கானின் கடன் 6,300 டெபிட், நாம் சிமெண்ட் வாங்கிய பொருள் செலவு 6,300 கிரெடிட். சிலர் இதை இதர வருமானம் என்று எழுதுவார்கள். சிமெண்ட் விற்றுப் பிழைக்கும் கம்பெனியா நாம்?

இதற்குள் ஒளிந்திருக்கும் பொறி அடுத்த மாதம்தான் வெளியே வரும். ஐந்தாவது கிளைமில் மொத்த வேலை 360,000, ரிடென்ஷன் அதே 24,000, மீதி 336,000. முன்பு சான்றளித்த 249,600ஐக் கழித்தால் 86,400. இந்த மாத வேலையும் 86,400தான், பிடித்தம் நின்றுவிட்டதால் இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் தாளில் "முன்பு சான்றளித்தது" என்ற இடத்தில் "முன்பு செலுத்தியது" என்று போட்டு, பேங்க் ஸ்டேட்மெண்டைப் பார்த்து 243,300 என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் 92,700 வரும். போன மாதம் பிடித்த சிமெண்ட் பணம் இந்த மாதம் சத்தமில்லாமல் அவருக்கே திரும்பிப் போய்விடும். சப்-கான் இதைப் பற்றி நிச்சயம் கேட்க மாட்டார். நான் ஒருமுறை இப்படி ஒரு கோண்ட்ராவை மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தேன், அதுவும் ஸ்டோர் கீப்பர் வேறு ஏதோ கேட்க வந்தபோது.

இவற்றையெல்லாம் பிடிக்க நான் மாதந்தோறும் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு சப்-கானின் கடைசிச் சான்றிதழை எடுத்து இரண்டு எண்களை லெட்ஜரோடு ஒப்பிடுவேன். சான்றிதழில் உள்ள மொத்த வேலை, செலவுக் கணக்கில் அந்த சப்-கான் பேரில் உள்ள கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள ரிடென்ஷன், ரிடென்ஷன் கணக்கில் அவர் பேரில் உள்ள மீதிக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு டிக். செலவு குறைவாகவும் ரிடென்ஷன் சைபராகவும் இருந்தால், காசோலைத் தொகையைச் செலவாக எழுதியிருக்கிறார்கள். செலவு சரியாக இருந்து ரிடென்ஷன் அதிகமாக இருந்தால், வரம்பைத் தாண்டிப் பிடித்திருக்கிறார்கள். வேலையெல்லாம் முடிந்த பிராஜெக்ட்டில் திடீரென்று சப்-கான் செலவு முளைத்தால், பதிவே செய்யாத ரிடென்ஷனை இப்போது கொடுத்து அதைச் செலவாக எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கடைசி வகைதான் நிறுவனத்துக்கு மிகவும் அவமானமானது. வீடுகளை ஒப்படைத்து, வருமானம் எழுதி, பிராஜெக்ட்டை மூடி ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கும். வருமானமே இல்லாத பிராஜெக்ட்டில் நஷ்டம் வந்து நிற்கும். இயக்குநர் கேட்பார், கணக்காளர் ஃபைல் தேடுவார்.

ஆண்டு முடிவில் மட்டும் ஒரு சேர்க்கை. எங்கள் கிளைம் ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதியோடு அளக்கப்படும். டிசம்பர் 25க்கும் 31க்கும் நடுவே எழும்பிய சுவர் ஜனவரிச் சான்றிதழில்தான் வரும். அந்தச் சில நாள் வேலையை கியூ.எஸ்.ஸிடம் கேட்டு மதிப்பிட்டுத் தனியாக எழுதிவைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சைட்டே ஓடவில்லை என்றால், அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு சைபர் போடலாம். கேட்காமல் சைபர் போடக்கூடாது.

பிடித்த 24,000 எப்போது திரும்பும்? பாம் ஒப்பந்தத்தின் வழக்கப்படி, ஆர்க்கிடெக்ட் வேலை முடிவுச் சான்றிதழ், அதாவது சி.பி.சி., கொடுத்ததும் பாதி. பிறகு குறைபாட்டுப் பொறுப்புக் காலம், பெரும்பாலும் 12 மாதம், முடிந்து, குறைகளைச் சரிசெய்துவிட்டார்கள் என்ற சான்றிதழ் வந்ததும் மீதிப் பாதி. சப்-கானுக்கு இதில் ஒரு வலி உண்டு. அவர் சுவரும் பூச்சும் மார்ச்சில் முடித்துவிட்டார் என்றால், கூரை, டைல்ஸ், வயரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்து சி.பி.சி. வர நவம்பர் ஆகலாம். மெயின் ஒப்பந்தத்தின் சி.பி.சி.யோடு சப்-கானின் ரிடென்ஷனைக் கட்டிவைத்திருந்தால், அவர் பணம் அந்த எட்டு மாதமும், அதற்கு மேல் ஓராண்டும் காத்திருக்கும். கடைசிச் செங்கல் வைத்த நாளில் இருந்து எண்ணினால் இருபது மாதம். லெட்டர் ஆஃப் அவார்டில் கையெழுத்துப் போடும் முன் சப்-கான்கள் விலையைப் பற்றிப் பேசுவதில் பாதியாவது இந்தத் தேதியைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை அந்தப் பணம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் எங்கேயும் தனியாக இல்லை. மெயின்-கானின் நடப்புக் கணக்கில் சம்பளமாகவும் கம்பியாகவும் மாறிவிட்டிருக்கும். மெயின்-கான் திவாலானால் "அது என் பணம், நம்பிக்கையின் பேரில் வைத்திருந்தார்கள்" என்று சப்-கான் சொல்லலாமா? 2019இல் கூட்டரசு நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: ரிடென்ஷன் என்பதாலேயே அது அறக்கட்டளைப் பணம் ஆகிவிடாது, அப்படி ஒரு நோக்கம் ஒப்பந்தத்தில் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் சப்-கான் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். கணக்கு எழுதுபவருக்கு இதன் பொருள், ரிடென்ஷன் மீதி என்பது வங்கியில் உறங்கும் தொகை அல்ல, வெளியே போக வேண்டிய கடன். பணப்புழக்க அட்டவணையில் நவம்பருக்கு ஒரு வரி, அடுத்த நவம்பருக்கு ஒரு வரி என்று முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், பத்து சப்-கானும் ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள்.

நம் செங்கல் சப்-கானுக்கு சி.பி.சி. வந்ததும் 12,000 விடுவித்தோம். பதிவு எளிது: ரிடென்ஷன் கணக்கு டெபிட், சப்-கான் கடன் கிரெடிட். செலவுக் கணக்கைத் தொடவே கூடாது, அது எப்போதோ எழுதி முடிந்தது.

மீதிப் பாதியில்தான் கதை. ஒப்படைத்த ஏழாம் மாதம் இரண்டு வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். சைட் சூப்பர்வைசர் ஒரு சின்னக் கம்பியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல பூச்சு 'டக் டக்' என்று கெட்டியாக ஒலிக்கும், பிடிப்பு விட்ட இடம் தகரத்தைத் தட்டியது போலப் பொள்ளென்று ஒலிக்கும். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் கம்பி வலை வைக்காமல் பூசியதால் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல் வேறு. சப்-கானுக்குக் கடிதம் போனது. அவர் ஆட்கள் அப்போது கூலிமில் வேறு சைட்டில். நாள் கொடுத்தோம், மறுபடி கடிதம் போட்டோம், பிறகு வேறு ஆளை வைத்து 3,400 ரிங்கிட்டுக்குச் சரிசெய்தோம்.

அந்த 3,400ஐப் புதுச் செலவாக எழுதிவிட்டு, சப்-கானுக்கு 12,000ஐயும் முழுதாக அனுப்புவது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பழுது பில் ஒரு மேசைக்கும் ரிடென்ஷன் கடிதம் இன்னொரு மேசைக்கும் போகிறது. நாங்கள் பழுதுபார்த்தவரின் பில்லை பிராஜெக்ட் செலவில் எழுதி, அதே தொகையை ரிடென்ஷன் கணக்கில் டெபிட் செய்து அந்தச் செலவைக் கிரெடிட் செய்தோம். ரிடென்ஷன் மீதி 8,600. இப்படிக் கழிக்க வேண்டுமானால் இரண்டு கடிதங்களும், சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களும், மூன்றாம் ஆளின் பில்லும் ஃபைலில் இருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுக்காமல் கழித்த கோண்ட்ரா, சிபா தீர்ப்பாளர் முன்னால் நிற்பது கடினம்.

யாரும் வந்து கேட்காத மீதிகளும் உண்டு. சப்-கான் கம்பெனியை மூடிவிட்டார், தொலைபேசி எண் மாறிவிட்டது. ஆண்டுக் கடைசியில் அதை இதர வருமானத்துக்கு மாற்றச் சொல்லி மேலே இருந்து சொல்வார்கள். அப்படி விழுங்க முடியாது. 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டம் இருக்கிறது, அது நாட்டின் தலைமைக் கணக்காளரான அக்கவுண்டன் நெகாராவுக்குப் போக வேண்டிய பணமா என்று ஆடிட்டரோடு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஆள் தொலைந்துபோகவில்லை. குறைகள் சரிசெய்த சான்றிதழ் வந்த வாரமே வந்துவிட்டார். 8,600 என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. ஃபைலைத் திறந்து படங்களைக் காட்டினேன். கம்பி வலை இல்லாத மூலையை நெருங்கிப் பார்த்தார்.

"அந்த வீட்டுல புதுப் பசங்க வேலை செஞ்சாங்க, தங்கச்சி. வலை வைங்கடான்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எட்டாயிரத்து அறுநூறு வெள்ளி. இந்த சைட்டு முடிஞ்சுதா? அப்ப இப்ப நடக்கற சைட்டுல என் வரம்பு எவ்வளவு, அதச் சொல்லு."

அவர் 'டென் பெர்சன்ட்' என்று கேட்காமல் வரம்பைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. லெட்டர் ஆஃப் அவார்டை எடுத்து இருவரும் அந்த வரியைத் தேடினோம்.